பெற்றோரின் மணநாளில் மகன் ஆற்றும் வாழ்த்துரை: சிரிப்பையும் நெகிழ்வையும் ஒன்றாகக் கட்டுவது எப்படி

சென்ற தை மாதம் உதகையில் என் பெற்றோரின் 40ஆம் மணநாளை எண்பது பேர் கூடிய ஒரு சிறிய மண்டபத்தில் கொண்டாடினோம். அதில் நான் நான்கரை நிமிடம் பேசினேன். அந்த நான்கரை நிமிடத்தை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்கு முன்பு ஒரு நெருங்கிய உறவினரின் வெள்ளி விழாவில் எதையும் எழுதிக்கொள்ளாமல் மேடையேறியிருந்தேன். எட்டு நகைச்சுவைத் துணுக்குகளை அடுக்கிவிட்டு, "இதெல்லாம் சிரிப்புக்காகச் சொன்னது, உண்மையில் இவர்கள் இருவரும்…" என்று குரலைத் தாழ்த்தியபோது பாதிப் பேர் பந்தி நடக்கும் பக்கம் திரும்பியிருந்தார்கள். இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலும் அந்தத் தோல்வியிலிருந்துதான் கற்றேன்.

அன்று எங்கே தவறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. உரையின் முற்பாதி கேலியாகவும் பிற்பாதி உருக்கமாகவும் இருந்தன. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. கேட்பவர்கள் சிரித்த மனநிலையை உதறிவிட்டு வேறொரு மனநிலைக்குத் தாங்களாகவே நடந்து வர வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் யாரும் வர மாட்டார்கள். எந்தப் பொருளைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறோமோ, அதே பொருளே சற்று நேரத்தில் நெஞ்சை அடைக்கவும் வேண்டும். ஆகவே முதல் வேலை எழுதுவதன்று. அப்படிப்பட்ட ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது.

முதல் படி: ஒரே ஒரு பொருளைத் தேடுதல்

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொல்ல மற்றவர் திருத்த, இறுதியில் இருவரும் ஒத்துக்கொண்ட உப்புச் சப்பில்லாத கதைதான் கிடைக்கும். தனியாகக் கேட்டால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வடிவங்கள் கிடைக்கும், நகைச்சுவை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். "உங்கள் இல்லற வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. "என்னத்தச் சொல்றது, எல்லாம் ஆண்டவன் புண்ணியம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கைக்கு அகப்படும் பொருள்களைப் பற்றிக் கேட்க வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் நாள் வீட்டில் என்னென்ன சாமான் இருந்தது, முதல் சண்டை எதற்கு வந்தது, யார் முதலில் பேசினார், எந்தப் பொருளை வாங்க இரண்டு வருடம் காத்திருந்தீர்கள் என்பது போன்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கும்.

என் தந்தை அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயின் ஊர் மலைக்குக் கீழே உள்ள காரமடை. முதல் சண்டை எதற்கு என்று கேட்டபோது அப்பா, "சண்டையா, எங்களுக்குள்ள என்ன சண்டை" என்றார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல், "குளிருக்குத்தான்" என்றார். நிச்சயத்துக்குப் பிறகு ஊட்டியில் குளிர் எப்படி இருக்கும் என்று அம்மா கடிதம் எழுதிக் கேட்க, "இங்கே குளிர் அவ்வளவாக இருக்காது" என்று அப்பா பதில் எழுதியிருக்கிறார். திருமணம் 1986 தை மாதம். உறைபனி விழும் மாதத்தில், ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் அம்மா மலையேறி வந்திருக்கிறார். அந்தக் கடிதம் இன்றும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, சாட்சிப் பத்திரம் போல.

இதுதான் பொருள் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. வேடிக்கையான கதை என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பிறகு அதை மூன்று கேள்விகளால் சோதித்தேன். இதில் இருவருக்கும் பங்கு உண்டா? இது இன்றும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறதா? இதைச் சொன்னால் கேலிக்கு உள்ளாகிறவர் எல்லோருக்கும் முன்னால் தானே சிரிப்பாரா? இரண்டாவது கேள்வியில்தான் விளக்கு எரிந்தது. அம்மா குளிப்பதற்காக அப்பா தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து வெந்நீர் போடுவதை நான் பிறந்தது முதல் பார்த்து வருகிறேன். அதற்கும் அந்தக் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. இன்றுவரை தொடரும் ஒரு பழக்கத்தில் போய் முடியாத பழங்கதை, எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், சிரிக்க மட்டுமே வைக்கும்.

முதல் கேள்வி சற்று இடறியது. கதையில் அப்பா பொய் சொல்கிறார், அப்பாவே பரிகாரமும் செய்கிறார். அம்மா வெறுமனே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். மகன்கள் எழுதும் உரைகளில் இந்தக் குறை அடிக்கடி வரும். சஷ்டியப்தபூர்த்தி என்றால் தந்தையின் வயதைக் கணக்கிட்டு வருவது, அவரை நடுவில் வைத்துப் பேசலாம். மணநாள் அப்படியன்று, இருவருக்கும் அதில் சரிபாதி. ஆகவே அம்மாவின் பங்கைத் தேடிக் காரமடையில் இருக்கும் சித்தியிடம் போனேன். பெற்றோரிடம் கிடைக்காதது எப்போதும் சித்தி, தாய்மாமா, பழைய பக்கத்து வீட்டார் ஆகியோரிடம் கிடைக்கும் என்பதால் குறைந்தது இரண்டு பேரிடமாவது கேட்பது நல்லது. சித்தி அலமாரியைக் குடைந்து, "இதப் பாரு கண்ணு" என்று ஓர் உள்நாட்டு அஞ்சல் உறையை எடுத்து நீட்டினார். அதில் இருந்ததை உரையிலேயே படிக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கடிதங்களை மேடையில் வாசிக்கும் முன் அவற்றை எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்ட பிறகும் ஒரு வரிக்கு மேல் வாசிக்கக் கூடாது. நான் அம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன், எந்தக் கடிதம் என்று சொல்லவில்லை.

மலைவாசிகளுக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உதகையில் யார் மைக்கைப் பிடித்தாலும் மலை ரயில் வந்துவிடும். "பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும் ரயிலைப் போல இவர்கள் வாழ்க்கையும்" என்று தொடங்குவார்கள். கொடைக்கானல் பக்கம் போனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. இரண்டும் அழகானவைதாம், ஆனால் மலையில் வாழும் எல்லாத் தம்பதியருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துவது உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்று தனியாக எதையும் சொல்லாது. உறைபனியும் பொதுவானதுதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அதைப் பற்றி இப்படி ஒரு பொய்யை எழுதியவர் என் தந்தை மட்டுமே.

இரண்டாம் படி: மற்றதையெல்லாம் வெட்டுதல்

பொருள் கிடைத்த பிறகு அதனோடு சேராத எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போவதாக அப்பா ஆண்டுதோறும் சொல்லி, ஆண்டுதோறும் அலுவலக வேலையில் மாட்டிக்கொண்ட கதை என் குறிப்பேட்டில் இருந்தது. நல்ல கதை. வீட்டில் சொன்னால் இன்றும் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அது குளிரோடு ஒட்டவில்லை, ஆகவே மனமில்லாமல் எடுத்துவிட்டேன். முதல் வரைவு பதினொரு நிமிடம் ஓடியது. மலர்க் கண்காட்சியும் அது போன்ற வேறு மூன்று கதைகளும் போனதும் ஐந்துக்கு வந்தது.

எதைச் சொல்லவே கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். சீர்வரிசை, நகை, மாமியார் மருமகள் உரசல், உடல் பருமன், கடன், அம்மாவின் சமையல் ஆகியவை கேலிக்கு உரியவை அல்ல. சமையலைப் பற்றிச் சிரிப்பது பழகிப்போன ஒன்று என்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவருக்கு எண்பது பேர் முன்னிலையில் அது எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்று அத்தை கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போன கதையும் என் வரைவில் இருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. "அத்தை முன் வரிசையில உக்காந்திருப்பாங்கடா" என்றாள். இப்படி ஒருவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்டுவது அவசியம், அவர் நம்மைப் புகழ்கிற நண்பராக இல்லாமல், நம் உறவுகளின் பழைய கணக்குகளை அறிந்தவராக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே வரியை மூன்று முறை வரச் செய்தல்

உரையின் எலும்புக்கூடு இதுதான். "குளிர் அவ்வளவாக" என்ற வரி முதல் முறை வரும்போது சிரிப்பு. இரண்டாம் முறை வேறொருவர் கையெழுத்தில் வரும்போது அமைதி. மூன்றாம் முறை அவையோர் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது வாழ்த்து. நடுவில் "இனி கொஞ்சம் உருக்கமாகப் பேசுகிறேன்" என்ற அறிவிப்பு தேவைப்படாது, ஏனென்றால் திருப்பத்தை அந்த வரியே செய்துவிடுகிறது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே குறைந்தது ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும். அதற்குள் கேட்பவர்கள் அந்த வரியைச் சிரிப்புக் கணக்கில் எழுதி மூடியிருப்பார்கள். உடனே திருப்பினால் தந்திரம் தெரிந்துவிடும்.

நான்காம் படி: எந்தத் தமிழில் பேசுவது

நாம் எழுதும் தமிழ் ஒன்று, வீட்டில் பேசும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழில் சொன்ன நகைச்சுவை வாயை விட்டு வருவதற்குள் ஆறிவிடும். "என் தந்தை அதிகாலையில் எழுந்து வெந்நீர் வைத்தார்" என்பது செய்தி. "நாலரைக்கு எழுந்து அப்பா அண்டாவில வெந்நீர் போட்டாரு" என்பது எங்கள் வீடு. ஆகவே தாளில் எழுதும்போதே பேச்சு வழக்கில் எழுதிவிட வேண்டும், மேடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பதற்றத்தில் தாளில் உள்ளது அப்படியே வாயில் வரும். கடித வரிகளை மட்டும் எழுத்துத் தமிழிலேயே விட்டேன். பேச்சு ஓட்டத்தின் நடுவே அவை தனியாக ஒலிப்பதால், மூன்றாம் முறை வரும்போது கேட்பவர்களுக்குப் பழகிய வாசகமாகிவிடுகின்றன.

நான் பேசிய உரை கீழே உள்ளது. நிறுத்தங்களை அடைப்புக்குள் குறித்திருக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சா யாராவது ஒருத்தர் விட்டுப்போகும், அப்புறம் அடுத்த விசேஷத்துக்கு அவங்க வர மாட்டாங்க. அதனால எல்லாருக்கும் ஒரே வணக்கம்.

எங்கம்மா ஊரு காரமடை. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஸ்வெட்டர் போட்டதே இல்ல. 1985 ஐப்பசியில நிச்சயம். முடிஞ்சதும் அம்மா தைரியமா ஒரு லெட்டர் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, ஊட்டியில குளிர் எப்படி இருக்கும்னு. அதுக்கு அப்பா ரெண்டு பக்கம் பதில் எழுதினாரு. ஆபீஸ் இருக்கு, வீட்டு வாடகை இருக்கு, தெருமுனைக் குழாயில எத்தனை மணிக்குத் தண்ணி வரும்னு இருக்கு. குளிரைப் பத்தி ஒரே வரி. 'இங்கே குளிர் அவ்வளவாக இருக்காது.' (நிறுத்தம்)

தை மாசம் கல்யாணம். மூணாம் நாள் ராத்திரி ஊட்டியில வந்து எறங்கினாங்க. காலையில அம்மா வாசலுக்கு வந்து பாத்தா புல்லு பூரா வெள்ளையாக் கெடக்கு. யாரோ கோலமாவைக் கொட்டிட்டாங்கன்னு நெனச்சாங்களாம். வாளியில கைய வெச்சா ஏடு கட்டியிருக்கு. பால்ல இல்லைங்க, தண்ணியில.

அம்மா ஒண்ணும் பேசல. திரும்பி அப்பாவைப் பாத்தாங்க. அந்தப் பார்வைய நானும் அக்காவும் நெறைய வாங்கியிருக்கோம், அது என்னன்னு எங்களுக்குத் தெரியும். (நிறுத்தம்)

மறுநாள் காலையில நாலரைக்கு எழுந்து அப்பா அண்டாவில வெந்நீர் போட்டாரு. அதுக்கு மறுநாளும் போட்டாரு. 2003ல வீட்டுக்குக் கீசர் வந்துச்சு. அதுக்கு வேண்டியது ஒரு சுவிட்சு, கால் மணி நேரம். அப்பா இன்னிக்கும் நாலரைக்கு எழுந்துதான் அந்தச் சுவிட்சைப் போடறாரு. போட்டுட்டுப் பக்கத்துலயே நிக்கறாரு, கீசர் எங்கயாவது ஓடிப்போயிடுமோன்னு. நாற்பது வருஷம். 14,600 காலை. எங்க ரெண்டு பேர் பிரசவத்துக்கு அம்மா காரமடை போயிருந்த மாசங்களை மட்டும் கழிச்சுக்கலாம். ஒரு வரிப் பொய்க்கு இத்தனை வட்டி கட்டின மனுஷன் இந்த மலையில வேற யாரும் இருக்க மாட்டாங்க.

கதை இதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். போன மாசம் சித்தி ஒரு லெட்டரைக் காட்டினாங்க. கல்யாணமாகி அஞ்சாம் நாள் அம்மா தாத்தாவுக்கு எழுதினது. விரல் வெறச்சுப்போயி எழுத்தெல்லாம் கோணலா இருக்கு. அதுல கடைசி வரி. 'இங்கே குளிர் அவ்வளவாக இல்லை அப்பா.' (நீண்ட நிறுத்தம்)

அதே பொய். அவரு, இவங்க வரணும்னு சொன்னாரு. இவங்க, பெத்தவங்க கவலைப்படக் கூடாதுன்னு சொன்னாங்க. நானும் அக்காவும் அந்த வீட்டுலதான் வளந்தோம். எங்களுக்குக் குளிரே தெரியல.

எல்லாரும் டம்ளரைக் கையில எடுத்துக்கோங்க. முதல்ல பாட்டி ஆசீர்வாதம் பண்ணட்டும். அப்புறம் நான் ஒரு வரி சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க. இங்கே குளிர் அவ்வளவாக இல்லை!"

ஐந்தாம் படி: டம்ளரும் ஆசியும்

கோப்பையை உயர்த்தி வாழ்த்துவது நம் வழக்கமன்று என்று சிலர் தயங்குவார்கள். எங்கள் மலையில் கையில் எடுக்க எப்போதும் தேநீர் இருப்பதால் அதையே பயன்படுத்தினோம். சிக்கல் நேரக் கணக்கில்தான். உரைக்கு முன்பே கொடுத்துவிட்டால் தை மாத மாலையில் அது ஐந்து நிமிடத்தில் ஆறிப்போகும், பாதிப் பேர் குடித்தும் முடித்திருப்பார்கள். உரைக்குப் பிறகு கொடுத்தால், டம்ளர் எல்லோர் கைக்கும் வருவதற்குள் உணர்ச்சி கலைந்துவிடும். பரிமாறும் நால்வரிடமும் "கீசர்" என்ற சொல் காதில் விழுந்ததும் தட்டுகளோடு உள்ளே வரும்படி சொல்லி வைத்தேன். அது சிரிப்புள்ள பகுதி என்பதால் டம்ளர் ஓசையும் ஆள் நடமாட்டமும் இடைஞ்சலாகவில்லை. கடிதத்துக்கு வரும்போது ஏறக்குறைய எல்லோர் கையிலும் டம்ளர் இருந்தது.

இன்னொரு சிக்கல் மரபு சார்ந்தது. மகன் பெற்றோரை வாழ்த்தலாமா? "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சொல்லித் தப்பிப்பது வழக்கம். ஆயிரம் முறை கேட்ட வாசகம் என்பதால் யார் காதிலும் ஏறாது. அவையில் இருக்கும் மிக மூத்தவரை ஆசி சொல்ல வைத்து, அதன் பிறகு மகன் வரியைத் தொடங்கி வைப்பது முறைக்கும் பொருந்துகிறது, மூத்தவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. என் பாட்டியிடம் இரண்டு சொற்கள் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவர் "நல்லாருங்க" என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் படி: குரல் உடையும் இடம்

ஒத்திகையை வாய்விட்டு, நின்றுகொண்டு செய்ய வேண்டும். நான் பத்து முறை செய்தேன், ஒவ்வொரு முறையும் குரல் ஒரே இடத்தில் உடைந்தது. சித்தி காட்டிய கடிதத்துக்கு அடுத்த வாக்கியத்தில். அங்கே முதலில் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அதை நீக்கிவிட்டு "அதே பொய்" என்று இரண்டு சொல்லாக்கினேன். தொண்டை அடைக்கும் இடத்தில் எவ்வளவு குறைவாகப் பேச வேண்டியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றும் முடிவு செய்து, மண்டபத்தின் பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தாள் விஷயத்தில் ஒரு சிறு செய்தி: குளிரில் விரல் நடுங்கினால் மெல்லிய தாள் மைக்கில் படபடக்கும். பழைய அழைப்பிதழ் அட்டையின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

சிரிப்பு வராத இடத்தில் விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் மிகப் பெரிய தவறு. "கோலமாவு" வரிக்கு நான் எதிர்பார்த்த அளவு சிரிப்பு வரவில்லை, வந்தவர்களில் பாதிப் பேர் கீழ்நாட்டிலிருந்து வந்திருந்ததால் உறைபனியைப் பார்த்திராதவர்கள். நிற்காமல் வாளிக்குப் போய்விட்டேன். அங்கே சேர்த்துச் சிரித்தார்கள்.

வரியைச் சொல்லி முடித்ததும் மைக்கை விட்டுவிட வேண்டும். நன்றி, மன்னிப்பு, "எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" எல்லாவற்றையும் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம். பெற்றோரைப் பதில் பேசும்படி வற்புறுத்தவும் கூடாது. மைக்கை அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். எங்கள் அப்பா சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மைக்கை எடுத்து, "அந்த வருஷம் உண்மையாவே குளிர் கம்மிதான்" என்றார். அம்மா மைக் இல்லாமலேயே பதில் சொன்னார்: "ஆமா, தண்ணி வெயில்லதான் ஏடு கட்டுச்சு."